பழுது எல்லோருக்கும் தெரிகிறது, முகாமையாளருக்கு மட்டும் தெரிவதில்லை

"நிலாவெளியில் 38 அறைகள் உள்ள ஒரு கடற்கரை ஹோட்டலில் தை மாதம் முகாமையாளராகச் சேர்ந்தேன். அதற்கு முன் கொழும்பில் வேலை. வந்த முதல் நாளே 'பிழையை மறைக்க வேண்டாம், என்னிடம் எதையும் நேரே சொல்லலாம்' என்று எல்லோருக்கும் சொன்னேன். ரிசப்ஷனில் பழுதுப் புத்தகம் வைத்தேன், வட்ஸ்அப் குழு தொடங்கினேன். பலன் இல்லை. ஏசி ஒழுகுவதையும் குழாய் உடைந்ததையும் விருந்தினர் சொல்லித்தான் அறிகிறேன். போன மாதம் இரவில் கரண்ட் போனபோது ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டரி சரியில்லை என்பது 3 பேருக்கு இரண்டு கிழமையாகத் தெரியுமாம்! எல்லோரும் நல்ல பிள்ளைகள், நன்றாக உழைப்பவர்கள். ஓர் ஆலோசகர், 'உங்கள் நிறுவனக் கலாசாரத்தை அளக்க வேண்டும்' என்று 60 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை ஊழியர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். முதலாளிக்கும் சம்மதம். செய்யலாமா?"
— ஹோட்டல் முகாமையாளர், நிலாவெளி

படிவம் இப்போதைக்கு வேண்டாம். அது மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. 20 கிளைகள் உள்ள ஒரு வங்கி, எந்தக் கிளையில் மனக்குறை அதிகம் என்று ஒப்பிட விரும்பினால் படிவம் உதவும். உங்கள் பிரச்சினை வேறு வகை. "இங்கே குறைகளை வெளிப்படையாகப் பேசலாம்: 1 முதல் 5 வரை வட்டமிடவும்" என்று கேட்டால் உங்கள் ஹவுஸ்கீப்பிங் பிள்ளைகள் 4 அல்லது 5 இல் வட்டமிடுவார்கள். அது பொய்யும் அல்ல. நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்த 4, நீங்கள் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது என்பதற்கு அத்தாட்சி. அவர்கள் அப்படி நடப்பார்கள் என்பதற்கு அல்ல.

இந்த இடைவெளியை விளக்கத்தான் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் 1980களில் ஒரு சட்டகத்தை முன்வைத்தார். 2023 இல் காலமாகும் வரை அதைத் திருத்திக்கொண்டும் இருந்தார். ஒரு நிறுவனத்தின் கலாசாரம் மூன்று தளங்களில் இருக்கிறது என்றார். முதலாவது, கண்ணுக்கும் காதுக்கும் படுபவை: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தப் புத்தகம் எந்த மேசையில் இருக்கிறது. இரண்டாவது, சொல்லிக்கொள்பவை: "விருந்தினரே முதன்மை", "என்னிடம் எதையும் சொல்லலாம்". மூன்றாவது, யாரும் சொல்லாதவை. அவற்றைச் சொல்ல வேண்டிய தேவையே வராத அளவுக்கு எல்லோருக்கும் இயல்பாகிவிட்ட நம்பிக்கைகள் அவை. முன்பு ஒரு காலத்தில் ஒரு சிக்கலைத் தீர்த்து, திரும்பத் திரும்பப் பலன் தந்து, பிறகு கேள்வியே கேட்கப்படாமல் தங்கிவிட்டவை. இரண்டாவது தளமும் மூன்றாவது தளமும் மோதும்போது ஆட்கள் மூன்றாவதன்படிதான் நடப்பார்கள். படிவம் போய் நிற்பது இரண்டாவதில்.

முதல் தளத்தைப் பார்ப்பது எளிது, அதன் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். உங்கள் பழுதுப் புத்தகம் வெறுமையாக இருக்கிறது என்று வையுங்கள். பயமாக இருக்கலாம். தலைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் எழுதக் கூச்சமாக இருக்கலாம். புத்தகம் ரிசப்ஷனில் இருப்பதால், சேலையில் ப்ளீச் மணக்க விருந்தினர் முன்னால் வந்து நின்று எழுத மனம் வராமல் இருக்கலாம். எழுதினாலும் ஒன்றும் நடக்காது என்ற அனுபவமாக இருக்கலாம். வெறும் பக்கம் இவை எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். "எங்கள் ஆட்கள் அக்கறையில்லாதவர்கள்" என்ற முடிவுக்கு இந்த இடத்திலிருந்து பாய்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். திருமலை நகரில் ஓர் அலுவலகத்தில் கருத்துப் பெட்டி வைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு திறந்து பார்த்தால் உள்ளே ஒரேயொரு துண்டு. "இந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கேள்வியில் இருந்த தகவல் 60 கேள்விகளிலும் வந்திருக்காது.

ஷைன் தன் அனுபவத்திலிருந்து சொன்ன ஒரு சம்பவம் உங்கள் ஜெனரேட்டருக்கு மிக நெருக்கமானது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா-கைகி என்ற இரசாயன, மருந்து நிறுவனம் இருந்தது. 1996 இல் அது சாண்டோஸுடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. புதுமை வேண்டும் என்று அவரை ஆலோசகராக அழைத்திருந்தார்கள். ஒரு பிரிவில் கண்ட நல்ல யோசனைகளைக் குறிப்பாக எழுதி, தன்னோடு தொடர்பில் இருந்த அதிகாரியிடம் கொடுத்து மற்றப் பிரிவுகளுக்கும் அனுப்பச் சொன்னார். குறிப்புகள் போகவில்லை. அவரே நேரில் கொடுத்தவர்கள் மட்டும் மகிழ்ச்சியாக வாங்கிப் படித்தார்கள். அந்த அதிகாரி சோம்பேறியும் அல்ல, எதிரியும் அல்ல. அந்த நிறுவனத்தில் ஒருவருடைய பதவி அவருடைய சொந்தக் காணி மாதிரி. அவர் கேட்காமல் அவருக்கு ஒரு தகவலைக் கொடுப்பது, "உனக்கு உன் வேலை தெரியாது" என்று முகத்தில் சொல்வதற்குச் சமம். இதை யாரும் ஷைனிடம் விளக்கவில்லை. விளக்க வேண்டிய ஒன்று என்று அவர்களுக்கே தோன்றவில்லை. குறிப்பு எங்கே நின்றது, ஏன் நின்றது என்று துருவிய பிறகுதான் அவருக்கே பிடிபட்டது.

உங்கள் ஹோட்டலிலும் ஒரு தகவல் எங்கோ நின்றிருக்கிறது. அது எங்கே நின்றது என்பதைத்தான் தேட வேண்டும். பொதுவாக "நம் கலாசாரம் என்ன?" என்று கேட்டால் எந்த நிறுவனத்திலும் அழகான, பயனில்லாத பதில்தான் வரும். "பட்டரி சரியில்லை என்பது ஏன் 3 பேரைத் தாண்டவில்லை?" என்று கேட்டால் வேலை நடக்கும்.

கூட்டம் கூட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தை மாதம் முதல் நடந்த பழுதுகளை எல்லா இடங்களிலிருந்தும் திரட்டுங்கள்: விருந்தினர் முறைப்பாடு, பழுதுபார்த்த பில், வட்ஸ்அப், நீங்கள் நேரில் கண்டவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். முதலில் கண்டது எந்தப் பிரிவு ஆள்? அந்தப் பொருள் யாருடைய பொறுப்பு? அது மேலே எப்படி வந்தது? 40 பழுதுகள் சேர்ந்தாலே ஒரு கோலம் தெரியத் தொடங்கும்.

என்ன கோலம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மூன்று ஊகங்கள் வைத்திருக்கிறேன், அவற்றைப் பிரித்தறிய முடியும். முதல் ஊகம், "சொன்னவன் தலையிலேயே வேலை விழும்" என்ற நம்பிக்கை. அப்படியானால் ஆட்கள் தங்கள் சொந்தப் பிரிவின் பழுதைக் கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது, "முதலாளிக்கும் முகாமையாளருக்கும் தெரியாமலா இருக்கும், செய்யவில்லையென்றால் ஏதோ காரணம் இருக்கும்" என்பது. அப்படியானால் ஒரு பழுது ஒருமுறை சொல்லப்பட்டிருக்கும், நடவடிக்கை இல்லாதபோது இரண்டாம் முறை சொல்லப்பட்டிருக்காது. மூன்றாவது, "இன்னொருவருடைய பிரிவில் உள்ள குறையை மேலே சொல்வது அந்த ஆளைக் காட்டிக்கொடுப்பது" என்ற நம்பிக்கை. அப்படியானால் தங்கள் பிரிவுக் குறையைத் தாங்களே சொல்லியிருப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத குறைகளையும் தாராளமாகச் சொல்லியிருப்பார்கள், வாசலில் சாய்ந்த தென்னை, கடற்கரைப் பாதையில் கிடந்த உடைந்த போத்தல் மாதிரி. அடுத்த பிரிவின் பழுது மட்டும் விருந்தினர் வாயால்தான் வந்திருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனம் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தது. பட்டரி விஷயம் தெரிந்த 3 பேர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் இரவுக் காவலாளி, ஒருவர் எலக்ட்ரீஷியனின் உதவியாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எலக்ட்ரீஷியன் வயதில் மூத்தவர், பல வருடமாக அங்கே இருப்பவர், எல்லோருக்கும் "அண்ணா" என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது உதவியாள் உங்களிடம் வந்து, "மிஸ், பட்டரி வீக்" என்று சொன்னால் அதன் பொருள் என்ன? நீங்கள் கேட்பது பட்டரியைப் பற்றிய ஒரு செய்தி. அங்கே இருக்கிற மற்ற அத்தனை பேரும் கேட்பது, "அண்ணா தன் வேலையைச் செய்யவில்லை" என்பது. மாலையில் அதே வானில் இருவரும் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணா அவனுடைய அக்காவுக்கு உறவாகவும் இருக்கலாம். "என்னிடம் எதையும் சொல்லலாம்" என்ற உங்கள் வாக்கியம் இந்த இடத்தில் ஓர் ஆளைத் தாண்டிப் போகச் சொல்கிறது. நல்ல பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருப்பதால்தான் சொல்லவில்லை என்ற சாத்தியத்தையும் யோசியுங்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடும்போது ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் எதற்கும் யுத்தத்தைக் காரணம் சொல்லிவிடலாம். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு சொல் கூடச் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிய தலைமுறை உங்கள் ஹோட்டலிலும் இருக்கும், அது உண்மைதான். ஆனால் 2009 இல் யுத்தம் முடிந்தபோது உங்கள் ரூம் பாய் சின்னப் பிள்ளை. அவன் வாய் திறக்காததற்குக் காரணம் தேட வேண்டிய இடம், அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். யார் அவனுக்கு வேலை பழக்கினார், என்ன செய்தபோது "அது உன் வேலை இல்லை தம்பி" என்று கேட்டான், அதைக் கேளுங்கள். பழையவர்களிடம் ஹோட்டலின் கதையைக் கேளுங்கள். நிலாவெளி 2004 சுனாமியில் அடிபட்ட கரை. அதற்குப் பிறகு ஆளில்லாமல், சீசன் இல்லாமல் ஒருவரையொருவர் மூடிக் காப்பாற்றி ஓடிய வருடங்கள் அந்த ஹோட்டலுக்கு இருந்திருந்தால், "நாங்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுப்பதில்லை" என்பதுதான் அந்த இடத்தைக் காப்பாற்றிய நம்பிக்கை. அதை நோய் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே போனால் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ஷைன் பரிந்துரைத்த முறையில் சுமார் 10 முதல் 15 பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு குறிப்பிட்ட பிரச்சினையை முன்வைத்து, மூன்று தளங்களையும் வரிசையாகத் தோண்டுவார்கள். அரை நாள் போதும். உங்கள் ஹோட்டலில் இதை இரண்டாகப் பிரியுங்கள். பிரிவுத் தலைவர்கள் ஒரு நாள், மற்றவர்கள் இன்னொரு நாள். தலைவரும் உதவியாளும் ஒரே அறையில் இருந்தால் முதல் கேள்விக்கே தலைவர்தான் பதில் சொல்வார். இப்போது சீசன் என்பதால் செக்-அவுட், செக்-இன் நேரத்தைத் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம், ஜும்மாவுக்குப் போகிறவர்கள் பாதியில் எழ வேண்டி வரும். ஆங்கிலத்தில் கட்டாயம் வேண்டாம். தமிழில் நடக்கட்டும், சிங்களம் பேசும் ஊழியர்களுக்காக இரு மொழியும் இயல்பாகப் பேசும் ஒருவர் நடத்தட்டும். அவர் வெளியாளாக இருக்க வேண்டும், ஆனால் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர் யாரும் வேண்டாம். அந்தக் கரையில் காலையில் பேசியது மாலைக்குள் எல்லா ஹோட்டலுக்கும் போய்விடும்.

நீங்கள் தொடக்கத்தில் வந்து, "ஜெனரேட்டர் விஷயத்தில் யாரையும் தேடவில்லை, செய்தி ஏன் வரவில்லை என்று மட்டும் புரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். போன பிறகு கதவுப் பக்கம் வராதீர்கள்.

முதல் மணித்தியாலத்தில் பேச வேண்டியவர் அங்கே ஆகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். "வந்த முதல் கிழமையில் உனக்கு எது வித்தியாசமாக இருந்தது?" என்று கேட்க வேண்டும். பழையவர்களுக்குக் கண்ணில் படாதது அவருக்குத்தான் படும். காலைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்பார். முதலாளி வரும் நாளில் எரியாத பல்பெல்லாம் எரியும் என்பார். மெயின்டனன்ஸ் அறைக்குள் வேறு யாரும் போவதில்லை என்பார். சேர்விஸ் சார்ஜ் கணக்கு ஒட்டும் பலகையைப் பற்றி யாராவது சொன்னால் நடத்துபவர் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். பல ஹோட்டல்களில் உடைந்தவை, தொலைந்தவை என்று அந்தப் பணத்திலிருந்து ஒரு பங்கு கழிப்பார்கள். உங்கள் இடத்திலும் அப்படி இருந்தால், ஒரு பழுதைச் சொல்வது எல்லோருடைய மாதக் கடைசிப் பணத்திலும் கை வைப்பது. கலாசாரம் என்று நாம் தேடிக்கொண்டிருப்பது சில சமயம் அந்தக் கணக்கில் உள்ள ஒரு கழிப்பாக இருக்கும். அப்படியானால் அதை முதலில் எடுங்கள், ஆழமான ஆராய்ச்சி பிறகு.

எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதற்குப் பக்கத்துத் தாளில், இந்த ஹோட்டல் என்ன சொல்லிக்கொள்கிறது என்று எழுத வேண்டும். இதற்கு அதிக நேரம் எடுக்காது, எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கே பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும். "பழுதைச் சொல்பவரை மதிக்கிறோம்" என்று ஒரு தாளில் இருக்கும். "புத்தகத்தில் அறிவித்தவர் பெயர் எழுத வேண்டும், பொறுப்பானவர் பெயரும் எழுத வேண்டும்" என்று மற்றத் தாளில் இருக்கும். பொருந்தாத அந்த இடத்தில்தான் மூன்றாவது தளத்துக்கு இறங்க முடியும். பொருந்துகிற இடத்தில் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் வராது.

இறங்குவதற்குக் கருத்து கேட்கக் கூடாது. "நீங்கள் ஏன் சொல்வதில்லை?" என்றால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும். "கடைசியாக ஒருவர் வேறு பிரிவின் பழுதைச் சொன்னார் அல்லவா, அவருக்கு அடுத்த நாள் என்ன நடந்தது?" இந்தக் கேள்விக்குப் பிறகு நடத்துபவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருவர் சிரிப்பார். இன்னொருவர், "அவர் இப்போது இல்லை" என்பார். அல்லது, "ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் இரண்டு மாதம் யாரும் அவரோடு சாப்பிடவில்லை" என்பார்.

அடிமட்ட நம்பிக்கையைத் தொட்டுவிட்டோம் என்று அறிய மூன்று அடையாளங்களைப் பார்ப்பேன். அதைச் சொன்னதும் புதியவர்கள் தலையாட்டுவார்கள், பழையவர்கள் "இதிலென்ன புதுமை, இப்படித்தானே எங்கும்?" என்பார்கள். வாதாட மாட்டார்கள், விளங்காதது போல் பார்ப்பார்கள். இரண்டாவது, அது ஜெனரேட்டரை மட்டுமல்லாமல் வேறு விஷயங்களையும் விளக்க வேண்டும். துவாய் கணக்கு ஏன் பொருந்துவதில்லை, ரெஸ்டோரண்ட் காசு குறைந்தபோது ஏன் எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள் என்பதெல்லாம் அதே நூலில் வர வேண்டும். பட்டரிக்கு மட்டும் பொருந்தினால் அது ஒரு சம்பவம், கலாசாரம் அல்ல. மூன்றாவது, அது பொருந்தாத ஒரு மூலையும் அநேகமாக இருக்கும், அதையும் தேட வேண்டும். ஹோட்டல்களில் அது பெரும்பாலும் சமையலறை. அங்கே கறியில் உப்பு கூடினால் யாரும் அண்ணா, தம்பி பார்ப்பதில்லை, சத்தம் கூரைக்குக் கேட்கும். குறை இரண்டு நிமிடத்தில் தட்டில் தெரிந்துவிடுவதால் அங்கே மறைப்பதற்கு நேரமே இல்லை. பட்டரியின் குறை இரண்டு கிழமை மறைந்திருக்கும். ஒரே ஹோட்டலில் இரண்டு கலாசாரம் இருப்பது வழக்கம். முழு இடத்துக்கும் ஒரே சாயம் பூசிவிடாதீர்கள்.

கூட்டத்தின் தாள்கள் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கட்டும். யார் என்ன சொன்னார் என்பது இல்லாமல், கண்டறிந்தது மட்டும் உங்களுக்கு வரட்டும். முதலாளி முழு அறிக்கையும் கேட்பார். கொடுக்காதீர்கள். ஒரு பெயர் கசிந்தால் நீங்கள் கண்டுபிடித்த நம்பிக்கையை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள்.

இனி என்ன செய்வது? மூன்றாவது ஊகம் சரியென்று வந்தால், அந்த நம்பிக்கையை உடைக்கப் புறப்படாதீர்கள். பஸ் ஓடாத நாளில் ஒருவருக்காக இன்னொருவர் இரட்டை ஷிஃப்ட் நிற்பதும் அதே நம்பிக்கையால்தான். அதை இழக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. செய்தி போகும் பாதையை அதற்கு ஏற்ப மாற்றலாம். பழுது உங்களிடம் வர வேண்டியதில்லை, எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் போகட்டும். காலையில் பத்து நிமிடம் அவரே ஹவுஸ்கீப்பிங் பிள்ளைகளிடமும் இரவுக் காவலாளியிடமும் "நேற்று எங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுத் தன் கையால் எழுதட்டும். அப்போது சொல்வது அவருக்கு உதவி, அவர் மேல் முறைப்பாடு அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது அவர் எழுதிய பட்டியலை. புத்தகத்திலிருந்து அறிவித்தவர் பெயர், பொறுப்பானவர் பெயர் இரண்டையும் எடுத்துவிடுங்கள், இடமும் நாளும் போதும். புத்தகத்தை ரிசப்ஷனிலிருந்து ஊழியர் சாப்பாட்டறைப் பக்கம் மாற்றுங்கள்.

ஆனால் அண்ணாவிடம் இதைக் கொண்டுபோவதற்கு முன் கணக்குப் பிரிவில் ஒரு கோப்பைப் பாருங்கள். அவர் புதிய பட்டரிக்கு ஏற்கெனவே கேட்டு, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று யாராவது திருப்பியிருந்தால், இத்தனை நேரமும் நான் எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. அந்தக் கோப்பில் இருப்பது இரண்டாவது ஊகம். அப்போது திருத்த வேண்டியது ஊழியர்களின் வாயை அல்ல, கொள்வனவுக்கு அனுமதி கொடுக்கும் முறையை. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள பொருட்களை அண்ணா தானே வாங்க விடுவது ஒரு வழி.

இன்னொன்று, இது உங்களைப் பற்றியது. தலைவர்கள் எதைக் கவனிக்கிறார்கள், நெருக்கடியில் எப்படி நடக்கிறார்கள் என்பதிலிருந்துதான் ஊழியர்கள் அடிப்படை நம்பிக்கைகளைக் கற்கிறார்கள் என்று ஷைன் வற்புறுத்தினார். சுவரில் ஒட்டும் வாசகம் அவர் பட்டியலில் மிகப் பின்னால்தான் வரும். கரண்ட் போன அந்த இரவில், இருட்டில் நின்று, நீங்கள் முதலில் கேட்ட கேள்வி என்ன? "ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?" என்பதுதான் என்று என் ஊகம். நியாயமான கேள்விதான், ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அது "யார் அந்த ஆள்?" என்றுதான் கேட்டிருக்கும். அடுத்த முறை ஏதாவது நிற்கும்போது "எப்போதிருந்து இப்படி இருக்கிறது, இப்போது என்ன வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த நாளும் யார் என்று விசாரிக்காதீர்கள். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து பழுதுகளை அதே முறையில் மறுபடி திரட்டுங்கள். விருந்தினர் சொல்லி வருவது குறைந்து, அடுத்த பிரிவு ஆட்கள் கண்டு சொன்னவை கூடியிருந்தால் பாதை திறந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை தொடக்கத்தில் அதிகரிக்கும், இரண்டு மடங்காகக்கூட ஆகலாம். பழுது கூடியதாக அதற்கு அர்த்தம் இல்லை, தெரிய வருவது கூடியிருக்கிறது. இதை முதலாளிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அண்ணாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்.